மாடிக் குழாயில் தண்ணீர் வேகம்: பம்ப் வாங்கும் முன் டியூப் லெவலைப் பிடித்துப் பாருங்கள்

தருமபுரி இலக்கியம்பட்டிப் பக்கம் எங்கள் வீடு. கீழ்த்தளத்தை அப்பா கட்டினார். அதன் மேல் முதல் மாடி பிற்பாடு வந்தது. கீழே அப்பாவும் அம்மாவும், மேலே நாங்கள். மொட்டை மாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒன்று. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்வோம். மற்ற புழக்கம் எல்லாம் போர் தண்ணீர்தான், அது இந்த டேங்க்கில் ஏறி இறங்குகிறது.

குடி வந்த நாள் முதல் மாடிக் குளியலறையில் ஷவர் சரியாக வரவில்லை. வாளிக் குழாயில் தண்ணீர் வரும், ஆனால் வேகம் இருக்காது. கீழே அம்மா துணி அலசக் குழாயைத் திறந்தால் மேலே ஷவர் அப்படியே நின்றுவிடும். தலையில் சோப்புப் போட்டுக்கொண்டு "அம்மா, கொஞ்சம் மூடுங்க" என்று கத்த வேண்டிய நிலை. பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் மாடிக்கு ஒரு முறை ஏறிப் பார்த்துவிட்டு, "டேங்க் பக்கத்துலயே இருக்குதுங்க, ஹைட் பத்தாது. அரை எச்பி பூஸ்டர் போட்டுட்டா முடிஞ்சுதுங்க" என்றார். நிறைய வீடுகளில் பேச்சு இத்துடன் முடிந்து பம்ப் வந்துவிடுகிறது. எங்களுக்கு அப்படி ஆகாமல் போனதற்கு என் மாமா ஒருவர் காரணம். அவர் கட்டட மேஸ்திரி. "பம்ப் அப்புறம் வாங்கிக்கலாம்பா. தண்ணி எங்க நிக்குது, எங்க விழுதுன்னு மொதல்ல பாக்கலாம்" என்று சொல்லி, கட்டட வேலையில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் லெவலை எடுத்து வந்தார்.

அந்த டியூப் எங்களுக்கு என்ன காட்டியது என்பதுதான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டியது. அதைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தால் குழாயை மாற்றுவதா, டேங்க்கை உயர்த்துவதா, பம்ப் வைப்பதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

முதலில் ஒரு அடிப்படை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் தருவது உயரம் மட்டும்தான். டேங்க்கில் இருக்கும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கும் உங்கள் ஷவருக்கும் இடையே எத்தனை அடி செங்குத்து உயரம் இருக்கிறதோ, அவ்வளவுதான் அழுத்தம். 1000 லிட்டர் டேங்க்கை எடுத்துவிட்டு 2000 லிட்டர் டேங்க் வைத்தாலும், தண்ணீர் மட்டம் அதே உயரத்தில் இருந்தால் அழுத்தம் கூடாது. பிளம்பர்கள் கிலோக் கணக்கில் பேசுவார்கள். 33 அடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். அப்படியானால் ஒரு அடிக்கு 0.03 கிலோதான் கிடைக்கும். இந்த எண் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

எங்கள் வீட்டை அளந்தோம். மாடித் தரையிலிருந்து மொட்டை மாடித் தளத்தின் மேல்பக்கம் வரை பத்தரை அடி. டேங்க் செங்கல் மேடையில் ஒரு அடி உயரத்தில் இருந்தது. டேங்க்கின் உயரம் சுமார் 4 அடி. பாதி நிரம்பியிருந்தால் தண்ணீர் 2 அடி. ஆக, தரையிலிருந்து தண்ணீர் மட்டம் பதிமூன்றரை அடி. ஷவர் 7 அடியில் இருக்கிறது. மீதி ஆறரை அடி. கிலோவில் சொன்னால் 0.2. டேங்க் நிரம்பியிருக்கும்போது எட்டரை அடி, காலியாகும் நேரத்தில் நாலரை அடி. காலையில் மோட்டார் போட்டதும் ஷவர் கொஞ்சம் நன்றாக வருவதும், சாயங்காலம் சோர்ந்து போவதும் இதனால்தான். வாளிக் குழாய் 2 அடியில் இருப்பதால் அதற்குப் பதினோரு அடிக்கு மேல் கிடைக்கிறது. கீழ்த்தளக் குழாய்க்கு அதற்கும் மேலே இன்னொரு மாடி உயரம் சேர்ந்து 20 அடியைத் தாண்டும். ஒரே டேங்க், ஒரே தண்ணீர். ஆனாலும் கீழே பீய்ச்சுகிறது, மேலே வடிகிறது.

சரி, ஆறரை அடி குறைவுதான். ஆனால் அந்த ஆறரை அடி முழுதாக ஷவருக்கு வந்து சேர்கிறதா? குழாயில் தண்ணீர் ஓடும்போது உரசலில் ஒரு பங்கு அழுத்தம் போய்விடும். எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்க்கத்தான் டியூப் லெவல்.

செய்முறை எளிது. 50 அடி நீளத்துக்குக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப் வேண்டும். அதன் ஒரு முனையை வாஷ்பேசின் குழாயின் வாயில் மாட்டி கிளிப் போட்டு இறுக்கினோம். குழாய் நுனியில் சல்லடை மாதிரியான ஜாலி இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். டியூப்பைக் குளியலறை வென்டிலேட்டர் வழியாக வெளியே விட்டு, வெளிச்சுவரை ஒட்டி மொட்டை மாடிக்கு இழுத்து, டேங்க் பக்கத்தில் ஒரு கழியில் நேராகக் கட்டினோம். வீட்டுக்குள்ளேயே தூக்கிப் பிடித்துப் பார்க்க முடியாது. தண்ணீர் நிற்கும் மட்டம் நம் கூரைக்கு மேலே இருக்கிறதே. பேசின் குழாயை மெதுவாகத் திறந்து டியூப்பில் தண்ணீர் ஏறவிட்டோம். உள்ளே காற்றுக் குமிழிகள் இருந்தால் அளவு பொய் சொல்லும். அதனால் டியூப் முனையைச் சற்றுக் கீழே இறக்கி, கொஞ்சம் தண்ணீரை வெளியே ஓடவிட்டு, குமிழி எல்லாம் போன பிறகு மறுபடி தூக்கிக் கட்டினோம்.

முதல் பார்வை, வீட்டில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது. டியூப்பில் தண்ணீர் டேங்க் மட்டத்துக்குச் சரியாக வந்து நின்றது. நிற்கத்தான் வேண்டும். அப்படி நிற்காமல் தாழ்ந்து நின்றால் ஒன்று எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது (ஃப்ளஷ் டேங்க் கசிவுதான் வழக்கமாக மாட்டும்), இல்லையென்றால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. மொட்டை மாடியில் குழாய் ஒரு இடத்தில் மேலேறி மறுபடி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். ஏர் லாக் என்பது அதுதான்.

இரண்டாவது பார்வை. மாடியில் வாளிக் குழாயை மட்டும் முழுதாகத் திறந்தோம். டியூப்பில் தண்ணீர் சரசரவென்று இறங்கி, மொட்டை மாடித் தளத்துக்கும் கீழே போய், வெளிச்சுவரில் நின்றது. டேப் வைத்து அளந்தால் நாலரை அடி இறக்கம். அதே நேரத்தில் 15 லிட்டர் வாளி நிரம்பக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு குழாய் ஓடுவதற்கே நாலரை அடி அழுத்தம் வழியில் போகிறது.

மூன்றாவது பார்வைதான் எல்லாருக்கும் விஷயத்தைப் புரிய வைத்தது. மேலே வாளிக் குழாய் ஓடும்போதே கீழே அம்மாவின் துணி துவைக்கும் குழாயையும் திறக்கச் சொன்னோம். தண்ணீர் மட்டம் வென்டிலேட்டரைத் தாண்டிக் குளியலறைக்கு உள்ளேயே இறங்கிவிட்டது. ஷவர் இருக்கும் 7 அடி உயரத்துக்கும் கீழே. குழாயில் அழுத்தம் ஷவர் உயரத்தையே எட்டவில்லை என்றால் ஷவரில் எப்படித் தண்ணீர் வரும்? மாமா சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். "டேங்க்க இன்னும் ரெண்டு அடி தூக்கினா மட்டும் இது சரியாவாதுபா. தண்ணிய கீழ் வீடு இழுத்துக்குது."

இப்போது குழாய் வழியைத் தேடிப் பார்த்தோம். டேங்க்கிலிருந்து ஒரு இன்ச் வால்வு. அதை ஒட்டியே ரெடியூசர் போட்டு முக்கால் இன்ச் சிபிவிசி குழாய். அந்த முக்கால் இன்ச் மொட்டை மாடியைச் சுற்றி 40 அடி ஓடி, சமையலறைப் பக்கம் இறங்குகிறது. அங்கே லைன் இரண்டாகப் பிரியும் டீ இணைப்பு. நேராக இறங்குவது கீழ்த்தளத்துக்கு. பக்கவாட்டில் பிரிவது எங்கள் மாடிக்கு. அந்தப் பிரிவு சமையலறையிலிருந்து குளியலறை வரை சுவருக்குள்ளே 25 அடி அரை இன்ச் குழாய். மாடி கட்டும்போது இருந்த லைனிலிருந்தே சுருக்கமாக எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

அரை இன்ச், முக்கால் இன்ச் என்று சொல்லும்போது வித்தியாசம் கொஞ்சம்தான் என்று தோன்றும். உள்ளே இருக்கும் துவாரத்தைப் பாருங்கள். வழக்கமான சிபிவிசியில் அரை இன்ச்சுக்கு உள்விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர், முக்கால் இன்ச்சுக்கு 18, ஒரு இன்ச்சுக்கு 23. ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது உரசலில் போகும் அழுத்தம் விட்டம் குறையக் குறைய மிக வேகமாக ஏறும். முக்கால் இன்ச்சில் ஒரு அடி போகும் இடத்தில் அரை இன்ச்சில் ஆறு அடிக்கு மேல் போகும். அதே இடத்தில் ஒரு இன்ச் போட்டால் மூன்றில் ஒரு பங்கு அடிதான் போகும். ஓடும் தண்ணீர் இரட்டித்தால் இழப்பு இரண்டு மடங்கு ஆகாது, மூன்றரை மடங்கைத் தாண்டிவிடும். எங்கள் நாலரை அடி இழப்பில் மூன்று அடிக்கு மேல் அந்த 25 அடி அரை இன்ச் குழாய் மட்டும் எடுத்துக்கொண்டது. கீழ்த்தளக் குழாயும் திறந்தால் முக்கால் இன்ச் பொது லைனில் நிமிடத்துக்கு 23 லிட்டர் போலத் தண்ணீர் ஓடத் தொடங்கி, அங்கேயே ஐந்து அடிக்கு மேல் போய்விடுகிறது. அதற்கு அப்புறம் எங்களுக்கு மிஞ்சுவது ஒன்றும் இல்லை.

குளியலறைக்குள் கடைசி மூன்று நான்கு அடி அரை இன்ச்சாக இருப்பதில் தவறில்லை. குழாயின் வாயே அரை இன்ச்தான். நீண்ட ஓட்டம் அரை இன்ச்சில் இருப்பதுதான் கெடுதல். மாடி கட்டுபவர்கள் பிளம்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி "நல்ல பைப்பா?" என்பது மட்டுமல்ல. "அரை இன்ச் எங்கிருந்து ஆரம்பிக்குது?" என்றும் கேளுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கேட்டுப் பயன் இல்லை.

முதலில் செய்த வேலை மேல்தளத்துக்குத் தனி லைன். டேங்க்கின் அடிப்பக்கத்தில், தட்டையான இடம் பார்த்து இன்னொரு துளை போட்டு, இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்து டேங்க் நிப்பிள் மாட்டினோம். அதிலிருந்து ஒன்றேகால் இன்ச்சில் புறப்பட்டு, வால்வு தாண்டி ஒரு இன்ச் சிபிவிசியில் வெளிச்சுவர் வழியாகக் குளியலறை வரை கொண்டுவந்தோம். சுவருக்குள் இருந்த பழைய அரை இன்ச்சைத் தோண்டி எடுக்கவில்லை. அதை இரு முனையிலும் அடைத்துவிட்டு, அது குளியலறைக்குள் நுழையும் இடத்தில் ஒரே ஒரு டைலை மட்டும் உடைத்து புது லைனை இணைத்தோம். பழைய முக்கால் இன்ச் லைன் கீழ்த்தளத்துக்கே என்று ஆகிவிட்டது. எங்கள் சமையலறைச் சிங்க்குக்கும் புது லைனிலிருந்தே ஒரு முக்கால் இன்ச் பிரிவு.

இந்த வேலையில் மூன்று இடங்களில் கண் வைக்க வேண்டும். வால்வு வாங்கும்போது அதன் உள்துவாரத்தைப் பாருங்கள். வெளியே ஒரு இன்ச் என்று இருந்தாலும் விலை குறைந்த சில பால் வால்வுகளில் உள்ளே துவாரம் சிறுத்திருக்கும். பிடியைத் திறந்து வைத்து விரலை விட்டுப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது, வால்வை அடுத்து ஒரு டீ வைத்து, காற்று வெளியேற ஏர் பைப் ஏற்றுங்கள். அதன் வாய் டேங்க்கின் மூடியைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் டேங்க் நிரம்பும்போது அதன் வழியாகத் தண்ணீர் வழியும். வாயைக் கீழ்நோக்கி வளைத்து வலை கட்டிவிட்டால் பூச்சி, தூசி விழாது. மூன்றாவது, மொட்டை மாடியில் ஓடும் குழாய் டேங்க்கை விட்டு விலக விலகச் சற்றுத் தாழ்ந்தே போக வேண்டும். நடுவில் எங்கும் மேடு கூடாது. எங்கள் ஊர் வெயிலில் திறந்து கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் சில வருடங்களில் உடையக்கூடிய பதத்துக்கு வந்துவிடும் என்பதால் வெள்ளைப் பெயின்ட்டும் அடித்தோம்.

வேலை முடிந்ததும் மறுபடி டியூப் பிடித்தோம். வாளிக் குழாயைத் திறந்தால் இறக்கம் ஒரு அடிக்குள் நின்றது. கீழே அம்மா குழாயைத் திறந்தபோது டியூப்பில் அசைவே இல்லை. ஷவர் நின்றுபோகும் தொல்லை அன்றோடு தீர்ந்தது. வாளி நிரம்பும் நேரம் மட்டும் ஒன்றரை நிமிடத்துக்குத்தான் குறைந்தது. பெரிய குழாய் போட்டதால் புதிதாக அழுத்தம் வந்துவிடாது. இருக்கிற அழுத்தம் வழியில் வீணாகாமல் வந்து சேரும், அவ்வளவுதான். இருப்பது ஆறரை அடி என்றால் ஷவரிலும் ஆறரை அடிக்கு உண்டான வேகம்தான் வரும். குழாயை மட்டும் மாற்றிவிட்டு "ஹோட்டல் ஷவர் மாதிரி வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மீதிக் குறை உயரத்தில். டேங்க்கை எங்கே ஏற்றுவது? இரும்பு ஸ்டாண்ட் செய்து தளத்தின் நடுவில் நிறுத்துவதை மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை. 1000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். அந்த எடை நான்கு கால் வழியாக நான்கு புள்ளிகளில் தளத்தின் மேல் இறங்கும். கால்கள் தூணுக்கும் பீமுக்கும் நேர் மேலே வந்தால் பரவாயில்லை. வெறும் தளத்தின் நடுவில் வந்தால் விரிசல் விடலாம். காற்று நாளில் காலி டேங்க் உருண்டு போகும் பயமும் உண்டு. பிளாஸ்டிக் டேங்க்கின் அடிப்பாகம் முழுக்கத் தாங்கப்பட வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஆங்கிள் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு அதன் மேல் டேங்க்கை வைத்தால் அந்த இடைவெளியில் அடிப்பாகம் தொங்கி, ஒருநாள் அங்கேயே பிளக்கும்.

எங்கள் வீட்டில் மாடிப்படி ஹெட்ரூம் தளம் மொட்டை மாடியிலிருந்து 8 அடி உயரத்தில் இருந்தது. நான்கு பக்கமும் சுவர் உள்ள சின்ன அறை, அகலமும் குறைவு. பீம் எப்படிப் போகிறது, தளம் எவ்வளவு கனம் என்று மாமாவும், அவர் கூட்டி வந்த இன்ஜினியர் ஒருவரும் பார்த்து, தாங்கும் என்று சொன்ன பிறகே டேங்க்கை அங்கே ஏற்றினோம். எல்லா ஹெட்ரூமும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில வீடுகளில் அந்தத் தளம் வெறும் மழை மறைப்பாகப் போட்டதாக இருக்கும். எங்கள் ஹெட்ரூம் மேல் டேங்க்கைச் சுவரை ஒட்டிச் சமமான சிமென்ட் மேடையில் உட்கார வைத்தோம். மோட்டார் இன்னும் 7 அடி கூடுதலாகத் தள்ள வேண்டும். எங்கள் போர் மோட்டாருக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. ஆனால் சம்ப்பிலிருந்து சின்ன மோட்டாரில் ஏற்றுபவர்கள் எவ்வளவு உயரம் தள்ளும் என்று மோட்டார் பலகையில் போட்டிருக்கும் ஹெட் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டேங்க் மூடியைத் திறந்து கழுவ ஒரு நிலையான ஏணியும் அப்போதே வைத்துவிடுங்கள். இல்லையென்றால் கழுவுவது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

செங்கல் மேடையில் ஒரு அடியில் இருந்தது இப்போது 8 அடி. பாதி டேங்க்கில் ஷவருக்குப் பதிமூன்றரை அடி கிடைக்கிறது. முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு, 0.4 கிலோ. அழுத்தம் இரட்டித்தால் வரும் தண்ணீர் இரட்டிக்காது, ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். ஆனாலும் ஷவரில் அந்த வித்தியாசம் உடம்புக்கு நன்றாகத் தெரிகிறது. வாளி இப்போது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. சாதாரண ஷவருக்கும் கீசருக்கும் இது தாராளம். இன்னொரு நிம்மதி, டேங்க் காலியாகும் நேரத்திலும் பதினொன்றரை அடி இருக்கிறது. சாயங்காலச் சோர்வு போய்விட்டது. கரண்ட் போனாலும் தண்ணீர் அதே வேகத்தில் வருகிறது.

அப்படியானால் பம்ப் யாருக்கு? கிருஷ்ணகிரியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குத்தான் அது பொருந்தியது. அபார்ட்மென்ட்டின் கடைசி மாடி. பொது டேங்க், அதை உயர்த்தச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. குளியலறையில் தட்டு மாதிரியான பெரிய மழை ஷவர் வேறு மாட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரி ஷவருக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வேண்டும். 6 அடி தண்ணீரில் அது நடுவிலிருந்து ஒரு கொத்தாக வடியும், பரவி விழாது. ஒரு கிலோ வேண்டுமென்றால் தண்ணீர் மட்டம் ஷவருக்கு மேல் 33 அடியில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் பம்ப்பைத் தவிர வேறு வழி கிடையாது.

முதலில் பம்ப்பை அவர்கள் வீட்டுக்குள், சர்வீஸ் பால்கனியில், முக்கால் இன்ச் லைனின் கடைசியில் மாட்டினார்கள். அது கரகரவென்று சத்தம் போட்டது. தண்ணீர் காற்றும் நுரையுமாக வந்தது. பம்ப் தள்ளும், ஆனால் தள்ள அதற்கு முதலில் தண்ணீர் வந்து சேர வேண்டும். நீண்ட குறுகிய குழாயின் கடைசியில் வைத்தால் அது உறிஞ்சும் வேகத்துக்குத் தண்ணீர் வராது, உள்ளே வெற்றிடம் உண்டாகிக் காற்றை இழுக்கும். சத்தமும் நுரையும் அதன் அடையாளம். பம்ப்புக்கும் கெடுதல். பிறகு அதை மொட்டை மாடிக்கு, டேங்க் பக்கத்திலேயே, அவர்கள் வீட்டுக்கு மட்டும் போகும் பிரிவின் தொடக்கத்தில் ஒரு இன்ச் குழாயோடு மாற்றி வைத்தார்கள். சங்கத்தில் சொல்லி அனுமதி வாங்கித்தான். சத்தம் அடங்கியது.

பம்ப்புக்கு இணையாக ஒரு பைபாஸ் குழாயும், அதில் ஒருவழி வால்வும் அவசியம். பிளம்பர்கள் என்ஆர்வி என்பார்கள். கரண்ட் இல்லாதபோது தண்ணீர் பைபாஸ் வழியாகத் தானாக இறங்கும். பம்ப் ஓடும்போது தள்ளிய தண்ணீர் டேங்க்குக்கே திரும்பாமல் அந்த வால்வு தடுக்கும். இது இல்லாமல் மாட்டினால் கரண்ட் போன நேரத்தில் குழாய் பழையதைவிட மோசமாக இருக்கும்.

தானாக ஓடும் பம்ப்பில் இரண்டு வகை உண்டு. ஃப்ளோ சுவிட்ச் வகை, குழாயில் தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் பம்ப்பைப் போடும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் அளவுக்காவது தானாக வந்தால்தான் அது உணரும். ஷவரில் சொட்டு மட்டுமே வரும் வீட்டில் அது விழித்துக்கொள்ளவே செய்யாது. பிரஷர் சுவிட்ச் வகை, லைனில் அழுத்தம் குறைந்தவுடன் ஓடும், அதனால் எந்த வீட்டிலும் வேலை செய்யும். ஆனால் லைன் எப்போதும் முழு அழுத்தத்தில் நிற்கும். ஃப்ளஷ் டேங்க் லேசாகக் கசிந்தாலும் அழுத்தம் மெல்ல இறங்கி, நடுராத்திரியில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை பம்ப் ஒரு நொடி ஓடி நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் பம்ப்பைக் குறை சொல்லாமல் கசிவைத் தேடுங்கள். பிரஷர் வகை போட்ட வீட்டில் ஹெல்த் ஃபாசெட்டின் சுவர் வால்வை மூடாமல் கைப்பிடியை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஹோஸ் எப்போதும் அழுத்தத்தில் இருந்து ஒருநாள் வெடித்தால், ஆள் இல்லாத வீட்டில் டேங்க் முழுதும் குளியலறையில் ஓடிவிடும். தங்கை வீட்டில் தானாக ஓரளவு தண்ணீர் வந்ததால் ஃப்ளோ சுவிட்ச் வகையே போதுமாக இருந்தது.

ஒரு தளத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ தரும் சின்ன பம்ப் போதும். அதற்கு மேல் போனால் பழைய ஜாயின்ட்டுகளும் கீசர் இணைப்புக் குழாய்களும்தான் முதலில் கசியும். பம்ப்புக்கு அடியில் ரப்பர் வைக்காவிட்டால் அதிர்வு கூரை வழியாகப் படுக்கையறைக்கு இறங்கும். மழை படாத மூடியும், ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். தெருவிலிருந்து வரும் பொதுக் குடிநீர் இணைப்பில் மட்டும் இதை நேராக மாட்டாதீர்கள். சட்டப்படி தவறு, பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் அது இழுத்துக்கொள்ளும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். குழாய் நுனி ஜாலியிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளையாக உப்பு படியும். மாடியில் அழுத்தம் ஏற்கெனவே குறைவு என்பதால் சில துளை அடைபட்டாலே பெரிதாகத் தெரியும், கீழே தெரியாது. அதனால் டியூப் எடுப்பதற்கும் முன்னால் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். வெறும் குழாயில் நன்றாக வந்தால் குறை ஷவரில். வினிகரிலோ, எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரிலோ ராத்திரி ஊறப்போட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போகும். வெறும் குழாயிலும் வரவில்லை என்றால் பேசினுக்கும் கீசருக்கும் கீழே இருக்கும் ஆங்கிள் வால்வுகளைப் பாருங்கள், பாதி மூடியே கிடக்கும் வீடுகள் உண்டு. பழைய ஜிஐ இரும்புக் குழாய் வீடாக இருந்தால் ஒரு ஜாயின்ட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். முக்கால் இன்ச் குழாயில் உப்பும் துருவும் சேர்ந்து பென்சில் நுழையும் அளவுக்கே வழி இருக்கலாம். அப்படிப்பட்ட குழாய்க்கு டேங்க் உயர்த்துவதும் பம்ப் வைப்பதும் வீண்செலவு. பம்ப் வைத்தால் துரு பிடித்த இடத்தில் ஓட்டை விழும். குழாயை மாற்றித்தான் ஆக வேண்டும்.

நாங்கள் இப்போது மாதம் ஒரு முறை ஷவர் தலையைக் கழற்றி ஊற வைக்கிறோம், வருடம் ஒரு முறை டேங்க்கின் அடியில் படியும் வண்டலைக் கழுவி விடுகிறோம். வண்டல் ஏறினால் அது முதலில் போய் உட்காருவது கீழே இருக்கும் டேங்க் நிப்பிள் வாயில்தான். வேகம் குறைந்த மாதிரி தோன்றினால் வாளி வைத்து நேரம் பார்ப்பேன். ஒரு நிமிடம் சொச்சத்தில் நிரம்பினால் லைனில் குறை இல்லை, ஷவர் துளைகளைப் பார்க்க வேண்டும். ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் முதலில் டேங்க்கில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, அப்புறம் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்க்க ஹெட்ரூம் ஏணியில் ஏற வேண்டியதுதான்.